பூவுக்கு வரும் வண்ணத்துப்பூச்சி முட்டையிடாமல் போவது ஏன்?

கேள்வி: எங்கள் பள்ளித் தோட்டத்தில் இட்லிப்பூ, செண்டுமல்லி, செம்பருத்தி எல்லாம் நிறைய பூக்கின்றன. வண்ணத்துப்பூச்சிகளும் வருகின்றன. ஆனால் இதுவரை ஒரு முட்டையோ புழுவோ கண்ணில் படவில்லை. முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரை பிள்ளைகளுக்குத் தோட்டத்திலேயே காட்ட வேண்டும். என்ன செடி வைக்க வேண்டும், எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

பதில்:

உங்கள் தோட்டத்தில் தேன் இருக்கிறது, புழு தின்னும் இலை இல்லை. வளர்ந்த வண்ணத்துப்பூச்சி பல வகைப் பூக்களில் தேன் குடிக்கும். புழு அப்படி இல்லை. ஒவ்வொரு இனத்தின் புழுவும் தனக்கென்று உள்ள சில செடிகளின் இலையைத்தான் தின்னும். வேறு இலையில் விட்டால் பட்டினி கிடந்தே செத்துப்போகும். அதனால் முட்டையிட வரும் பெண் பூச்சி பூவைத் தேடுவதில்லை, புழுவுக்கான இலையைத் தேடுகிறது.

இதை நேரிலேயே கவனிக்கலாம். தேன் குடிக்க வந்த பூச்சி பூவிலிருந்து பூவுக்கு நேராகப் பறக்கும். முட்டையிட வந்த பெண் தாழ்வாக, மெதுவாக, செடி செடியாகச் சுற்றும். ஒரு இலையில் ஒரு நொடி உட்கார்ந்து, முன்கால்களால் படபடவென்று தட்டிப் பார்த்துவிட்டு எழுந்துவிடும். அதன் கால் நுனிகளில் சுவை அறியும் நுண்மயிர்கள் உண்டு. இலையின் வேதிப்பொருள்களை அவற்றின் மூலம் அறிந்து, இது தன் புழுவுக்கான செடிதானா என்று முடிவு செய்கிறது. பெரும்பாலான செடிகள் பூச்சிகளிடமிருந்து தப்பிக்கத் தங்கள் இலையில் கசப்பையோ நச்சையோ வைத்திருக்கின்றன. ஒரு பூச்சி இனம் குறிப்பிட்ட ஒரு குடும்பத்துச் செடியின் நச்சைத் தாங்கப் பழகிவிட்டால், அந்த வாசனையே அதற்கு அடையாளமாகிவிடுகிறது. அடையாளம் கிடைக்காத தோட்டத்தில் அது முட்டையிடாது.

பள்ளியில் தொடங்குவதற்கு எலுமிச்சைக் குடும்பத்துச் செடிகளைத்தான் நான் சொல்வேன். எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை மூன்றும் அதில் அடங்கும். இவற்றைத் தேடி இரண்டு பெரிய அழகான பூச்சிகள் வரும். ஒன்று எலுமிச்சை அழகி: கறுப்பில் வெளிர்மஞ்சள் திட்டுகள், பின்சிறகின் உள்விளிம்பில் ஒரு செங்கல் நிறப் புள்ளி, வால் கிடையாது. மற்றொன்று கறிவேப்பிலை அழகி: பின்சிறகில் வால் இருக்கும், ஆணுக்குக் கறுப்புச் சிறகின் குறுக்கே வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக ஓடும். பெண் பல உருவங்களில் வரும். சில பெண்கள், பறவைகள் தின்னாத நச்சுப் பூச்சி ஒன்றைப் போலவே சிவப்பும் வெள்ளையும் கொண்டிருக்கும். இந்த இரண்டும் வீட்டுத் தோட்டங்களுக்குச் சாதாரணமாக வருபவை, புழுக்கள் கையில் எடுத்தாலும் அரிக்காதவை.

எருக்கு வைக்கலாமே, வெந்தய வரியன் உடனே வருமே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், அது மிக எளிதாக வரும். ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியையே பாதிக்கும். அரளியும் நச்சு, ஆமணக்கு விதையும் நச்சு. சின்னப் பிள்ளைகள் இலையைப் புரட்டிப் பார்க்கப் போகிற இடத்தில் இவை வேண்டாம். மேல்வகுப்புகளுக்கு மட்டும், கைக்கெட்டாத வேலியோரத்தில், ஆசிரியர் உடன் இருக்கும்போது என்றால் எருக்கு சரி. எலுமிச்சையிலும் முள் உண்டு, அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பள்ளியில் ஏற்கெனவே ஒரு பெரிய எலுமிச்சை மரம் நிற்கலாம். அதை நம்பி இருக்காதீர்கள். எலுமிச்சை அழகி பெரும்பாலும் தாழ்ந்த இளஞ்செடியின் தளிரைத்தான் தேர்ந்தெடுக்கும். முதல் நாட்களில் புழுவின் வாய்க்கு முற்றிய இலை கடினம் என்பதால் தளிர் அதற்கு முக்கியம். உயர்ந்த மரத்தில் அது முட்டையிட்டாலும் பிள்ளைகளுக்குத் தெரியப்போவதில்லை. முழங்கால் முதல் இடுப்பு உயரம் வரை உள்ள செடிகள், தொட்டியிலோ தரையிலோ, எலுமிச்சை நான்கு, கறிவேப்பிலை நான்கு இருந்தால் நல்ல தொடக்கம். காலை வெயில் நன்றாகப் படும், பலத்த காற்று அடிக்காத இடமாகப் பார்த்து வையுங்கள். இரண்டு வகையும் அருகருகே இருந்தால், எந்தப் பூச்சி எதைத் தேர்ந்தெடுக்கிறது என்று பிள்ளைகளே கவனிக்கலாம்.

செடி எங்கிருந்து வருகிறது என்பதில் கவனம் தேவை. நர்சரிச் செடிகளில், குறிப்பாக எலுமிச்சை வகைகளில், செடிக்குள்ளேயே ஊடுருவும் பூச்சிமருந்து கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம். இலையைக் கழுவினால் அது போகாது. சாறு முழுவதும் மருந்து ஓடிக்கொண்டிருக்கும். முட்டை பொரிந்து, புழு சின்ன ஓட்டை ஒன்றைக் கடித்ததும் சுருண்டு விழுந்து கிடந்தால், ஒன்றல்ல, எல்லாச் செடியிலும் அப்படியே நடந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான். வாங்கும்போதே என்ன தெளித்தார்கள் என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் சில மாதங்கள் தண்ணீர் ஊற்றி வளர்த்து, பழைய கிளைகளை வெட்டிவிட்டு, புதிதாக வரும் துளிர்களை நம்புங்கள். இன்னும் நல்லது விதையிலிருந்து வளர்ப்பது. எலுமிச்சை விதையைக் காயவிடாமல் கழுவி ஊன்ற வேண்டும். கறிவேப்பிலைக்குக் கறுத்துப் பழுத்த பழத்தின் சதையை நீக்கி உடனே போட வேண்டும், நாளாக ஆக முளைப்புத்திறன் போய்விடும். பெரிய கறிவேப்பிலை மரத்தடியில் வேரிலிருந்து கிளம்பும் கன்றை மண்ணோடு பெயர்த்து வைப்பது எல்லாவற்றையும்விட எளிது.

சரி, செடி தளிர்விட்டுவிட்டது. இனி என்ன பார்க்க வேண்டும்? எலுமிச்சை அழகியின் ஒரு முட்டையைப் பின்தொடர்வோம்.

பெண் பூச்சி தளிரில் ஒவ்வொன்றாகத்தான் முட்டை வைக்கும். குண்டூசித் தலை அளவில், உருண்டையாக, வழவழப்பான வெளிர்மஞ்சள் நிறத்தில் இருக்கும். இளம் இலையின் விளிம்பிலும் தண்டு நுனியிலும் தேடுங்கள். வெப்பமான நாட்களில் மூன்று, நான்கு நாளில் பொரியும். பொரியும் முன் முட்டைக்குள் புழுவின் தலை கருமையாகத் தெரியும். வெளியே வந்ததும் பல புழுக்கள் முதலில் முட்டை ஓட்டையே தின்னும்.

அதற்குப் பிறகு வரும் உருவம்தான் பிள்ளைகளை ஏமாற்றும். கரும்பழுப்பு உடலும் நடுவில் வெள்ளைப் பட்டையுமாக, அச்சு அசல் பறவை எச்சம் இலையில் விழுந்து கிடப்பது போல் இருக்கும். பறவை அதைச் சீண்டாது. முதல் நான்கு பருவமும் இந்த வேடம்தான். தோலை நான்கு முறை உரித்து ஐந்தாம் பருவத்துக்கு வரும்போது வேடமே மாறிவிடும்: இலைப்பச்சை, பக்கவாட்டில் சாய்ந்த பழுப்புப் பட்டைகள், முன்பகுதி தடித்து இரண்டு பொய்க்கண்கள். அவ்வளவு பெரிய எச்சம் இருக்க முடியாது, ஆகவே இனி இலையோடு இலையாக மறைவதுதான் பாதுகாப்பு. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவை போன்ற ஓர் உறுப்பை நீட்டும், கடுமையான வாசனை வரும். எறும்பையும் சிறு எதிரிகளையும் விரட்டுவதற்கான ஏற்பாடு அது. ஒருமுறை பார்த்தால் போதும், வேடிக்கைக்காக மீண்டும் மீண்டும் சீண்ட விடாதீர்கள்.

தோலுரிக்கும் நாளில் புழு தின்னாமல் அசையாமல் இருக்கும். செத்துவிட்டது என்று யாராவது எடுத்துப் போட்டுவிடுவதுண்டு. இலையில் மெல்லிய பட்டு நூலைப் படரவிட்டு அதைப் பற்றியபடி அது இருக்கிறது. அப்போது பிடுங்கினால் தோலுரித்தலே தடைபடும்.

புழுப்பருவம் ஏறக்குறைய இரண்டு, மூன்று வாரம். இதில் தின்னும் இலையின் பெரும்பகுதி கடைசிப் பருவத்தில், கடைசிச் சில நாட்களில்தான் போகும். தோட்டங்கள் இங்கேதான் திணறுகின்றன. சின்னப் புழுக்களாக இருக்கும்போது செடி தாராளமாகத் தெரியும், ஒரே வாரத்தில் குச்சி மட்டும் நிற்கும், பாதி வளர்ந்த புழுக்கள் இலை தேடித் தரையில் அலையும். ஆகவே கணக்கு போட்டுவிடுவது நல்லது. கட்டக் காகிதத்தில் இலையை வைத்து வரைந்து, புழு தின்ற பரப்பை நாள்தோறும் கட்டங்களாக எண்ணச் சொல்லுங்கள். ஒரு புழு முட்டை முதல் கூட்டுப்புழு வரை எத்தனை இலை தின்கிறது என்று உங்கள் செடியின் இலை அளவிலேயே விடை கிடைக்கும். ஒரு பேச்சுக்கு, 12 இலை என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். செடியில் 60 இலை இருக்கிறது. வகுத்தால் ஐந்து புழு வருகிறது. ஆனால் செடி மீண்டும் துளிர்க்க வேண்டுமானால் பாதி இலையாவது மிஞ்ச வேண்டும். அப்படியானால் அந்தச் செடிக்கு இரண்டு புழுதான். நான்கு எலுமிச்சைச் செடியும் அதே அளவு என்றால், ஒரே சமயத்தில் எட்டுப் புழு உங்கள் எல்லை. அதற்கு மேல் முட்டை இருந்தால் சின்னப் பருவத்திலேயே, இலையோடு கத்தரித்து, பள்ளியில் பெரிய எலுமிச்சை மரம் இருந்தால் அதன் தாழ்ந்த கிளையில், தளிர் உள்ள இடத்தில் செருகிவிடுங்கள். புழு தானாகப் புது இலைக்கு நகர்ந்துகொள்ளும்.

எல்லாச் செடியையும் ஒரே நாளில் கவாத்து செய்யாதீர்கள். இரண்டு செடியை இப்போது, அடுத்த இரண்டை மூன்று வாரம் கழித்து என்று மாற்றி மாற்றி நுனி வெட்டினால் ஏதாவது ஒன்றிலாவது எப்போதும் தளிர் இருக்கும். வெட்டும் முன் முட்டை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வளர்ந்து முடிந்த புழு நீர்த்த எச்சமாகக் குடலைக் காலி செய்துவிட்டு, செடியை விட்டு நடக்கத் தொடங்கும். சில சமயம் அதே செடியின் தண்டிலேயே நிற்கும், சில சமயம் சுவர், வேலிக் கம்பி, பெஞ்சின் அடிப்பக்கம் வரை போகும். புழுவைக் காணோம், குருவி தின்றுவிட்டது என்று முடிவு கட்டும் முன் சுற்றி நிதானமாகத் தேடுங்கள். இடம் பிடித்ததும் வால் நுனியைப் பட்டுத் திட்டில் பொருத்தி, உடம்பைச் சுற்றி ஒரு நூல் வளையம் போட்டு, அதில் சாய்ந்து நிற்கும். ஏறக்குறைய ஒரு நாளில் கடைசித் தோல் உரிந்து கூட்டுப்புழு வெளிப்படும். பச்சைத் தண்டில் நின்றது பெரும்பாலும் பச்சையாகவும், காய்ந்த குச்சியிலோ சுவரிலோ நின்றது பழுப்பாகவும் இருக்கும். சுற்றுப்புறத்தை உணர்ந்துதான் அந்த நிறம் அமைகிறது. வெவ்வேறு இடங்களில் கிடைத்தவற்றை எழுதி வைத்து ஒப்பிடச் சொன்னால், அதுவே மிக நல்ல வகுப்புப் பாடம்.

வெப்பகாலத்தில் எட்டு, பத்து நாளில் கூடு கருத்து, சிறகின் மஞ்சள் திட்டுகள் தோல் வழியே தெரியத் தொடங்கும். அடுத்த நாள் காலை வெளிவரும் என்று எதிர்பார்க்கலாம். வெளிவந்த பூச்சிக்குச் சுருங்கிய சிறகைத் தொங்கவிட்டு விரிக்க இடம் வேண்டும். உடலிலிருந்து திரவத்தைச் சிறகின் நரம்புகளுக்குள் செலுத்தித்தான் அது விரிகிறது. ஒன்றிரண்டு மணி நேரம் யாரும் தொடக் கூடாது. அப்போது கலங்கலான ஒரு திரவம் சொட்டும். ரத்தம் என்று பிள்ளைகள் பதறுவார்கள், அது கூட்டுக்குள் சேர்ந்த கழிவு, அவ்வளவுதான். கூட்டுப்புழு எப்போதாவது அறுந்து விழுந்தால், காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, தலைப்பக்கம் மேலே இருக்கும்படி அதில் வைத்து, கரடுமுரடான குச்சி ஒன்றை ஏறிப் பிடிக்க அருகில் சாய்த்து வையுங்கள்.

எல்லா முட்டையும் வண்ணத்துப்பூச்சி ஆகாது. இயற்கையில் பெரும்பாலானவை ஆவதே இல்லை. இதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அவர்கள் கண்முன்னே நடக்கப்போகிறது. ஆனால் எது எதனால் போனது என்று தடயத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். முட்டை முழுவதும் பளபளவென்று கறுத்து, நாட்கள் கடந்தும் பொரியாமல் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னக் குளவி ஒன்று அதற்குள் தன் முட்டையை வைத்திருக்கிறது. புழுவின் பக்கத்தில் அரிசிக்குருணை போல் வெண்பட்டுக் கூடுகள் இருந்தால் அதுவும் ஒட்டுண்ணிக் குளவிதான், புழு இனிப் பிழைக்காது. கூட்டுப்புழுவில் தலைப்பக்கம் பிளந்திருந்தால் பூச்சி நல்லபடியாகப் போய்விட்டது. பக்கவாட்டில் வட்டமான சின்ன ஓட்டை இருந்தால் வெளியே வந்தது குளவி. புழு கறுத்து, கொழகொழத்து, தொங்கிக் கிடந்தால் நோய். நெரிசலாக, ஈரமான டப்பாவில் வளர்க்கும்போது இது வேகமாகப் பரவும். அந்தப் புழுவையும் இலையையும் அகற்றி, தொட்ட கையைக் கழுவிவிட வேண்டும்.

எறும்பு வேறு கதை. முட்டையையும் சின்னப் புழுவையும் தூக்கிப்போவதில் எறும்புக்கு நிகரில்லை. அவை செடிக்கு வருவதற்குப் பெரும்பாலும் அசுவினியும் மாவுப்பூச்சியும் சுரக்கும் இனிப்புத்தான் காரணம். மருந்து அடித்தால் புழுவும் போய்விடும். வேப்பெண்ணெயும் வேண்டாம், பாக்டீரியாவிலிருந்து எடுத்த உயிர் மருந்தும் வேண்டாம், பின்னது புழுக்களைக் கொல்வதற்கென்றே ஆனது. ஈரத்துணியால் மாவுப்பூச்சியைத் துடைத்து எடுங்கள். தொட்டிக்கு அடியில் செங்கல் வைத்து, தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள், கிளை சுவரையோ பக்கத்துச் செடியையோ தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எறும்பு வரும் வழி அடைந்துவிடும். தட்டுத் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டி மாற்றுங்கள், இல்லையென்றால் கொசு வளரும்.

பிள்ளைகள் ஒன்றையாவது முழுக்கப் பார்க்க வேண்டும் என்றால், இரண்டு புழு இருக்கும் கிளையை மெல்லிய வலைத்துணிப் பையால் மூடி, அடியில் கட்டிவிடுங்கள். குருவியும் குளவியும் எட்டாது, புழுவுக்குப் புது இலையும் காற்றும் கிடைக்கும். மூடும் முன் உள்ளே சிலந்தி இல்லையென்று பாருங்கள். மற்ற புழுக்கள் எல்லாம் வெளியிலேயே இருக்கட்டும். குருவிக்கும் குளவிக்கும் அந்தத் தோட்டத்தில் பங்கு உண்டு.

பூச்செடிகளை எடுக்க வேண்டாம், வளர்ந்த பூச்சிக்கு அவை தேவை. அடுக்குப் பூக்களில் தேன் குறைவு அல்லது எட்டாது, ஒற்றை அடுக்குப் பூக்களே நல்லது. உண்ணிச்செடியைப் புதிதாக வைக்காதீர்கள், அது பரவி மற்ற செடிகளை அழிக்கும். எலுமிச்சை பழகிய பிறகு, சுவர் ஓரத்தில் களை என்று பிடுங்கும் தகரையை ஒரு பாத்தியில் விட்டுப் பாருங்கள், சின்ன மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் அதில் முட்டையிடும். தரையில் படரும் பருப்புக்கீரையைக் கொஞ்சம் விட்டால் வேறொரு இனத்துக்கு இலை கிடைக்கும். இந்தப் பாத்திகளுக்குச் சின்னப் பலகை ஒன்று வைத்துப் புழுவின் பெயரையும் எழுதிவிடுங்கள், துப்புரவு செய்பவர் பிடுங்காமல் இருக்க அதுதான் வழி.

கடைசியாக, விடுமுறை. முட்டை முதல் பூச்சி வரை மொத்தம் நான்கைந்து வாரம் ஆகும். ஆகவே நீண்ட விடுமுறைக்கு ஆறு வாரம் முன்பே பிள்ளைகள் கண்காணிக்கும் கடைசிச் சுற்று தொடங்கியிருக்க வேண்டும். விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆள் ஏற்பாடு செய்யுங்கள். செடி காய்ந்தால் தளிர் நின்றுபோகும், தளிர் நின்றால் பெண் பூச்சி வராது. வெள்ளையடிப்பு, பூச்சிமருந்துத் தெளிப்பு, கவாத்து எல்லாம் பெரும்பாலும் விடுமுறையில்தான் நடக்கும். தோட்டத்தை ஒட்டிய சுவரில் கூட்டுப்புழு இருக்கிறதா என்று வேலை தொடங்கும் முன் ஒருவர் பார்க்க வேண்டும். இருந்தால் சுற்றிச் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு, அந்த இடத்தை மட்டும் பத்து நாள் கழித்து அடிக்கச் சொல்லுங்கள். கூடு தலைப்பக்கம் பிளந்து காலியாகிவிட்டது என்றால் தாராளமாக அடிக்கலாம்.